பாதி ஒப்பந்தத்தில் இன்கோடெர்மை மாற்றக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

பெஸ்தாரி ஜெயாவில் (பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு சிறு பலகை ஆலைக்கு ஏற்றுமதிக் காகித வேலை பார்த்துக்கொடுத்தேன். பால் நின்றுபோன ரப்பர் மரங்களை அறுத்து உலர்த்தி, துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பலகையாக்கி ஹம்பர்க்குக்கு அனுப்புவார்கள். ஓராண்டு ஒப்பந்தம், 12 கன்டெய்னர். விலை கன மீட்டருக்கு 760 டாலர், சிஎஃப்ஆர் ஹம்பர்க். அதாவது ஹம்பர்க் வரைக்கும் கப்பல் கட்டணம் விற்பவர் பொறுப்பு. எந்தச் செலவும் ஆபத்தும் எதுவரை யாருடையது என்று சொல்லும் இத்தகைய வணிகச் சொற்கள்தான் இன்கோடெர்ம்.

நான்கு கன்டெய்னர் போனபின் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கின. 2023 கடைசியில் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்ததும் கட்டணம் எகிறியது. ஒட்டுக்கடையில் தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி சொன்னார்: "தம்பி, இனிமே எஃப்ஓபின்னு ஒரு மெயில் போட்டுடு. கப்பலை அவங்களே பார்த்துக்கட்டும், ஆபத்தும் அவங்க பக்கம் போயிடும்."

அந்த ஒற்றை வரியிலேயே மூன்று தவறுகள் இருந்தன. ஆனால் பெரிய தவறு கணக்கில் இருந்தது. முதலில் அதைப் பார்ப்போம். எண்களைப் புரிவதற்காக உருட்டிச் சொல்கிறேன்.

ஒரு 40 அடி கன்டெய்னரில் 36 கன மீட்டர் பலகை. ஒப்பந்தம் போட்டபோது கப்பல் கட்டணம் 1,800 டாலர், அதாவது கன மீட்டருக்கு 50. ஆகவே 760-இல் சரக்கின் விலை 710. இப்போது கட்டணம் 5,400, கன மீட்டருக்கு 150. விற்பவர் கையில் நிற்பது 610 மட்டுமே.

சரி, கப்பலை வாங்குபவரிடம் விட்டால் விலையிலிருந்து எதைக் கழிப்பது? முதலாளி பழைய 50-ஐக் கழித்து 710 கேட்கலாம் என்றார். அப்படியானால் வாங்குபவருக்கு 710-உம் 150-உம் சேர்ந்து 860 ஆகும். எட்டு கன்டெய்னருக்கு 28,800 டாலர் அவர் தலையில். இது வெறும் விலையேற்றம், இன்கோடெர்ம் என்ற சட்டை போட்டு வருகிறது. எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதன்பின் நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

இன்றைய 150-ஐக் கழித்து 610 என்று கேட்டால்? விற்பவருக்கு அதே 610 தான். அடுத்த ஏற்றம் இறக்கம் மட்டும் அவரைவிட்டுப் போகும். இன்றைய நஷ்டம் அப்படியே இருக்கும்.

சொல்லின் மாற்றத்தில் பணம் பிறப்பதில்லை. வாங்குபவரால் நம்மைவிட மலிவாகக் கப்பல் பிடிக்க முடிந்தால்தான் பிறக்கும். நாங்கள் எட்டுப் பெட்டிக்குக் கட்டணம் கேட்கிறவர்கள். அவர்கள் பல நாடுகளிலிருந்து நிறைய இறக்குமதி செய்பவர்கள், கப்பல் நிறுவனத்தோடு நீண்டகால விலை வைத்திருப்பார்கள். அதனால் மெயில் போடும்முன் நான் ஒன்றை மட்டும் கேட்டேன்: கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஹம்பர்க்குக்கு உங்களுக்கு என்ன விலை வருகிறது? பதில் 3,960 டாலர், கன மீட்டருக்கு 110. எங்களுக்கு 150, அவர்களுக்கு 110. நடுவில் இருக்கும் 40 டாலர்தான் பங்கிடக் கூடிய பணம். அவர்களுக்கும் 150 என்று வந்திருந்தால் இன்கோடெர்மைத் தொடாமல், நேராக விலை உயர்வையோ பாதிப் பாதி சுமப்பதையோ பேசியிருப்போம். அதுதான் நேர்மை, வேலையும் குறைவு.

இனி அந்த மெயிலுக்கு வருவோம். "போட்டுடு" என்பது முதல் தவறு. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தானாக எதையும் மாற்ற முடியாது. கப்பல் கட்டணம் ஏறியதை எதிர்பாரா இடர் என்று காட்டித் தப்புவதும் பொதுவாக நடக்காது, வேலை முடியாததாகிவிடவில்லை, செலவுதான் கூடியிருக்கிறது. ஒப்பந்தத்திலேயே கட்டணத்துக்கு ஏற்ப விலை மாறும் என்று ஒரு பிரிவு இருந்தால் கதை வேறு. எங்களிடம் இல்லை. ஆகவே அது வேண்டுகோள், அறிவிப்பல்ல.

இரண்டாவது, எஃப்ஓபி. கன்டெய்னரை நாம் கப்பலில் ஏற்றுவதில்லை, முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிறோம். எஃப்ஓபியில் அது கப்பலில் ஏறும்வரை ஆபத்து நம்முடையது, ஆனால் பெட்டியோ நம் கையில் இல்லை. கன்டெய்னருக்கு, குறித்த இடத்தில் வாங்குபவரின் கப்பல்காரரிடம் ஒப்படைத்ததும் விற்பவர் பொறுப்பு முடியும் எஃப்சிஏதான் பொருத்தம் என்று இன்கோடெர்ம்ஸை வெளியிடும் சர்வதேச வணிகக் கழகமே சொல்கிறது. "எஃப்சிஏ மலேசியா" என்று மொட்டையாக எழுதக்கூடாது, இடமும் ஆண்டும் வேண்டும்: எஃப்சிஏ, கிள்ளான் துறைமுகத்தின் இன்ன முனையம், இன்கோடெர்ம்ஸ் 2020. இடம் ஆலை வாசல் என்று மாறினால் லோரிச் செலவு வாங்குபவர் பக்கம் போய்விடும், விலையும் மறுபடி மாற வேண்டும்.

மூன்றாவது, "ஆபத்தும் அவங்க பக்கம் போயிடும்" என்ற நினைப்பு. சிஎஃப்ஆரிலேயே சரக்கு கப்பலில் ஏறியதும் ஆபத்து வாங்குபவருடையதாகிவிடுகிறது. விற்பவர் கட்டணம்தான் கட்டுகிறார், கடலில் வரும் நஷ்டத்தைச் சுமப்பதில்லை. எஃப்சிஏவில் அந்தக் கோடு கொஞ்சம் முன்னால், முனையத்துக்கு நகர்கிறது, அவ்வளவே. முன்பே வாங்குபவரிடம் இருக்கும் ஆபத்தை இப்போதுதான் தள்ளிவிடுவதாக நினைத்து விற்பவர் தள்ளுபடி தரத் தேவையில்லை.

கேட்ட ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவோம் என்று வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் கடன் கடிதம் இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். முன்பு வேறொரு இடத்தில் நான் பட்டது: இரு தரப்பும் மெயிலில் "அடுத்த பெட்டியிலிருந்து" என்று ஒத்துக்கொண்டார்கள், கடன் கடிதத்தை யாரும் தொடவில்லை. அதில் கட்டணம் முன்பே செலுத்தியதாகக் கப்பல் ரசீது கேட்டிருந்தது. எங்கள் ரசீதில் சேருமிடத்தில் வசூலிக்கப்படும் என்று இருந்தது. வங்கி முரண்பாடு என்று திருப்பியது, பணம் வாரக்கணக்கில் நின்றது. கடன் கடிதத்தைத் திருத்த, அதைத் திறந்த வங்கியின் ஒப்புதலும் நம் ஒப்புதலும் வேண்டும். வந்த திருத்தத்தில் பாதியை ஏற்றுப் பாதியைத் தள்ளவும் முடியாது. விலை, மொத்தத் தொகை, இன்கோடெர்ம், கட்டணக் குறிப்பு நான்கும் ஒரே திருத்தத்தில் வரட்டும். எஃப்சிஏ என்பதால், சரக்கு ஏறியதற்கான கப்பல் ரசீதை நமக்குத் தரும்படி வாங்குபவர் தன் கப்பல்காரருக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். 2020 பதிப்பில் அதற்கு இடம் உண்டு.

"அடுத்த பெட்டி" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். நாங்கள் ஐந்தாவது முதல் பன்னிரண்டாவது வரை என்று எண்ணால் எழுதினோம்.

பேரம் 655-இல் நின்றது. புறப்படும் முனையக் கட்டணம் கன மீட்டருக்கு 4 டாலர். சிஎஃப்ஆரில் நாங்கள் கட்டி வந்தது, இப்போது அவர்கள் கட்ட வேண்டும். அதைக் கழித்து 651 என்று எழுதினோம். இதை மறப்பவர்கள் அதிகம், பிறகு முதல் பில் வந்ததும் சண்டை. எங்களுக்கு 610-க்குப் பதில் 655. அவர்களுக்கு 651, 110, 4 சேர்ந்து 765, முன்பைவிட 5 டாலர்தான் கூட. எங்கள் கடிதத்தில் இந்தக் கூட்டலை அப்படியே போட்டோம், அவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை.

ஒன்பதாவது பெட்டி போகும்போது கட்டணம் இறங்கத் தொடங்கியது. எஃப்சிஏவில் அந்த இறக்கம் முழுக்க வாங்குபவருக்கே.

"தம்பி, திரும்ப சிஎஃப்ஆருக்கே போயிடலாமா?" என்றார் முதலாளி.

"கேட்டுப் பார்க்கலாம் அண்ணே. ஆனா இப்ப அவங்களும் கணக்குப் போடுவாங்க."