மீட்டிங்கில் கொட்டிய யோசனைகளைக் குழு பிரிப்பதும், ‘ஏன் இதை எடுத்தோம்’ என்று எழுதி வைப்பதும்

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூடி ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். செல்போனில் பதிவு செய்ததைத் தட்டச்சு செய்தால் 19 பக்கம். அதை நான் முதல் தடவை சொதப்பி, மறுபடி உட்கார்ந்து சரி செய்த கதைதான் இது. பதிவு செய்வது, தட்டச்சு செய்வதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. ஒரு யோசனைக்கு ஒரு வரி

ஷீட்டில் நான்கு பத்திகள் போதும்: A எண், B பதிவில் வரும் நேரம், C சொன்னது, D குழு. Cயில் பேசியவரின் வார்த்தையையே போடுங்கள். “ராத்திரி மோட்டார் ஓடிட்டே இருக்கு, தொட்டி வழியுது, ஒரு அலாரம் வெச்சா என்ன சார்?” என்பதை “தொட்டி அலாரம்” என்று சுருக்கினால், ராத்திரி வழிகிறது என்ற பாதி விஷயம் போய்விடும்.

வெறும் புலம்பலையும், “நாளைக்கு ப்ளம்பரைக் கூப்பிடுறேன்” மாதிரி வேலைகளையும் தனித் தாளில் ஒதுக்குங்கள். எங்களுக்கு 41 யோசனைகள் தேறின.

2. குழு பிரிப்பது (நான் விழுந்த இடம்)

முதல் தடவை தலைப்புகளை முன்கூட்டியே எழுதிவிட்டேன்: தொட்டி, குழாய், மழைநீர், மற்றவை. ‘மற்றவை’யில் 15 யோசனைகள் போய் உட்கார்ந்தன. அதைவிட மோசம், ‘தொட்டி’யின் கீழ் அலாரமும், தொட்டி கழுவுவதும், இரண்டாவது தொட்டி கட்டுவதும் ஒன்றாகக் கிடந்தன. மூன்றிலும் தொட்டி என்ற சொல் இருக்கிறது, அவ்வளவுதான். தீர்க்கிற பிரச்சினை வேறு வேறு.

ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடாவின் கேஜே முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதலில் யோசனை எழுதிய சீட்டுகளைச் சேர்க்க வேண்டும், பெயர் கடைசியில்தான். எதோடும் ஒட்டாத சீட்டு தனியாகவே இருக்கலாம், அதை வலிந்து திணிக்கக் கூடாது.

இரண்டாம் தடவை 41 வரிகளையும் அச்செடுத்து, வெட்டி, தரையில் பரப்பினேன். (ஃபேனை நிறுத்திவிடுங்கள். அனுபவம்.) “இது நடந்தால் எது மாறும்?” என்று ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்டேன். தொட்டி அலாரம், கழிவறை ஒழுகலைச் சோதிப்பது, லாரி கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, மூன்றும் ஒன்றாக வந்தன. குழுவின் பெயர்: “தண்ணீர் போவது நம் கண்ணில் படுவதில்லை.” பெயர் இப்படி முழு வாக்கியமாக இருக்கட்டும். அப்படி எழுத வராவிட்டால் அது குழுவே இல்லை, கலைத்துவிடுங்கள்.

கணினியில் ஒட்டும் சீட்டுப் பலகைகள் எனக்கு ஒத்துவரவில்லை. 41 சீட்டையும் ஒரே பார்வையில் பார்க்கத் தரைதான் வசதி. முடிந்ததும் D பத்தியில் குழுவை ஏற்றி, தனிச் சீட்டுக்கு அதற்கென்று ஒரு பெயரும் போட்டு, பக்கத்தில் E2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்தால், தனியாக நிற்பவை 1 என்று காட்டும்:

```
=COUNTIF(D:D, D2)
```

3. காரணத்தை எழுதுவது

கடைசியில் ஐந்து யோசனைகளை எடுத்தோம். மினிட்ஸில் “தனி மீட்டர் – வேண்டாம்” என்று மட்டும் எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்துப் புதிதாகக் குடிவந்தவர், “வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்தால் தீர்ந்தது, ஏன் வைக்கவில்லை?” என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. 19 பக்கத்தையும் மறுபடி புரட்டினேன்.

இப்போது எடுத்த ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுகிறேன். குழாய் முனையில் மாட்டி, காற்றைக் கலந்து தண்ணீர்ச் செலவைக் குறைக்கும் ஏரேட்டருக்கு எழுதியது இது:

*ஏன்:* குழாய் அமைப்பைத் தொட வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் (பதிவில் 00:38:10).
*எதை விட்டோம்:* தனி மீட்டர். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைகளுக்கும் தனித்தனிக் குழாய் இறங்குவதால், வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, மூன்று நான்கு தேவை.
*எப்போது மறுபடி பேசலாம்:* ஆழ்துளைக் கிணற்று உப்பு அடைத்து மாதாமாதம் கழுவ வேண்டி வந்தால், அல்லது குழாய் அமைப்பை எப்படியும் மாற்றும் நிலை வந்தால்.

“எல்லாருக்கும் பிடித்தது”, “11 ஓட்டு” என்பதெல்லாம் காரணம் ஆகாது. ஓட்டு போட்டவர் எதற்காகப் போட்டார் என்பதைத்தான் எழுத வேண்டும். அன்றைக்கே, கலைவதற்கு முன் கேட்டு எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நம் காரணத்தை அவர்கள் தலையில் கட்டிவிடுவோம்.

பின்சேர்க்கை: ஒரு யோசனை இரண்டு குழுவிலும் பொருந்தினால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கும் 22-ஆம் எண் அப்படி வந்தது: “மழைத்தண்ணியக் கிணத்துல விட்டு, அதையே செடிக்கு எடுக்கலாம்.” பார்த்தால் அது இரண்டு யோசனை. 22அ, 22ஆ என்று வெட்டினேன், ஆளுக்கொரு குழுவில் போய்ச் சேர்ந்தன. எங்கள் கணக்கு 42 ஆனது.