போட்டிக் கடைகளின் பதிவுகளில் இடைவெளி கண்டுபிடிப்பது எப்படி: மருதமுனைக் கைத்தறிப் பக்கம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

பேஸ்புக்கில் சேலை விற்கும் பக்கங்களைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பாருங்கள். மடித்து வைத்த துணியின் படம், கீழே "விலைக்கு இன்பாக்ஸ் செய்யவும்". அடுத்த பக்கத்திலும் அதேதான். புதிதாகப் பக்கம் தொடங்குகிறவரும் பெரும்பாலும் இதைப் பார்த்து அப்படியே செய்கிறார். மற்றவர்களின் பதிவுகளைப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதற்காக.

மருதமுனையில் கைத்தறிச் சேலையும் சாரமும் விற்கும் ஒரு சின்னப் பக்கத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக நான் போட்டவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும்.

1. யாரைப் பார்ப்பது

ஐந்து பக்கங்கள் போதும். மூன்று, உங்களைப் போலவே கைத்தறி விற்பவை. ஒன்று, உங்கள் வாடிக்கையாளர் கைத்தறிக்குப் பதிலாக வாங்கக்கூடிய ரெடிமேட் கடை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கும். ஐந்தாவது, கொழும்பிலிருந்து நாடு முழுவதும் அனுப்பும் பெரிய கடை. எல்லோருக்கும் திறந்திருக்கும் பதிவுகளை மட்டும் பாருங்கள். போலிக் கணக்கில் மூடிய குழுவுக்குள் நுழைவதும், வாடிக்கையாளர் மாதிரி நடித்து இன்பாக்ஸில் விலை கறப்பதும் இந்த வேலையில் சேராது.

2. எந்தக் காலம்

மூன்று மாதப் பதிவுகளை எடுங்கள். அதில் ஒரு பண்டிகைக் காலமும் ஒரு சாதாரண காலமும் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தை மட்டும் எடுத்தால் எல்லாக் கடையும் தள்ளுபடிக் கடையாகத்தான் தெரியும். மேலே ஒட்டி வைத்திருக்கும் பழைய பதிவைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தால் ஒரு தடவை எண்ணினால் போதும்.

3. பதிவுகளைக் குறிப்பது

கூகுள் ஷீட்டில் `பதிவு` என்று ஒரு தாள் திறந்து பக்கம், திகதி, தலைப்பு, தொனி, சலுகை என இந்த வரிசையிலேயே ஐந்து நிரல்கள் போடுங்கள். தலைப்புகளை முதலே தீர்மானித்துவிட வேண்டும்: புது வரவு, விலை, நூலும் தறியும், கழுவுதல், அளவு, டெலிவரி. ஒரே விசயத்தை ஓரிடத்தில் "கழுவுதல்" என்றும் இன்னோரிடத்தில் "துவைத்தல்" என்றும் எழுதினால் எண்ணிக்கை குழம்பிவிடும்.

தொனிக்கு "நன்று", "சுமார்" என்று மதிப்பெண் போடாதீர்கள். பேசுகிறவர் யார் என்று எழுதுங்கள்: கடையா, முதலாளியா, நெய்கிறவரா? கடைத் தமிழா, நாம் வாயால் பேசும் தமிழா? படத்தில் மனிதர் இருக்கிறாரா, துணி மட்டுமா? இது போதும்.

4. கொமண்டுகள்

பாதி நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். பேஸ்புக் வழக்கமாகக் காட்டுவது "Most relevant" கொமண்டுகளை. அதை "All comments" என்று மாற்றாவிட்டால் பல கேள்விகள் கண்ணில் படாது. "மாஷா அல்லாஹ்", "சூப்பர்", இதயப் படம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கேள்விகளை மட்டும் எடுங்கள். `கேள்வி` என்ற இரண்டாவது தாளில் முதல் நிரலில் அவர்கள் கேட்டபடியே எழுதுங்கள், பக்கத்து நிரலில் தலைப்பு. கேட்டவரின் பெயர் வேண்டாம்.

"பிளவுஸ் துண்டு இருக்கா?" "சாயம் போகுமா?" "கைத்தறியா மெஷினா?" "பெருநாளைக்கு முதல் வந்திடுமா?" இப்படித்தான் இருக்கும். ஒரே கொமண்டில் இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு வரி. ஒரே ஆள் திரும்பக் கேட்டால் ஒரு வரி. கடைக்காரர் "இன்பாக்ஸ் பாருங்க" என்று பதில் போட்டிருந்தால், என் கணக்கில் அது பதில் இல்லை. அடுத்து வந்து படிப்பவருக்கு அதில் ஒன்றும் தெரியவராது.

5. இரண்டையும் பக்கத்தில் வைப்பது

மூன்றாவது தாளில் A நிரலில் தலைப்புகள், அதாவது A2-இல் "விலை", A3-இல் "கழுவுதல்" என்று. கீழே உள்ள சூத்திரங்களில் முதலாவதை B2-இலும் இரண்டாவதை C2-இலும் போடுங்கள். பிறகு கீழே இழுத்து விடுங்கள்:

```
=COUNTIF('பதிவு'!C:C,A2)
=COUNTIF('கேள்வி'!B:B,A2)
```

இப்படி வந்தது என்று வையுங்கள். கழுவுதல்: பதிவு 1, கேள்வி 14. நூலும் தறியும்: பதிவு 2, கேள்வி 9. தறியின் பழைய வரலாறு என்று நீங்களாகவே சேர்த்த தலைப்பு: பதிவு 0, கேள்வி 0.

புதியவர்கள் தடுமாறுவது இந்த மூன்றாவது வரியில்தான். யாரும் எழுதவில்லை என்றவுடன் அதை இடைவெளி என்று நினைத்துவிடுகிறோம். யாரும் கேட்கவும் இல்லையே. பதிவு குறைந்து கேள்வி கூடிய இடம்தான் நமக்கு வேண்டியது. வரலாற்றை ஆசைக்கு எப்போதாவது எழுதிக்கொள்ளலாம்.

விலையில் இன்னொரு சிக்கல். பதிவு 22, கேள்வி 31 என்று வந்தால், நிறையப் பேர் எழுதிவிட்டார்களே என்று தோன்றும். அந்த 22 பதிவையும் திறந்து பாருங்கள். "சிறந்த விலை", "நியாய விலை" என்று இருக்கும், ரூபாய் இருக்காது. அப்படியானால் நீங்கள் விலையைக் குறைக்க வேண்டியதில்லை, படத்திலேயே எழுதினால் போதும். பெரிய கடையோடு ரூபாய்க்கு ரூபாய் மோதினால் கைத்தறிக்காரருக்குக் கட்டாது.

6. சலுகையும் விளம்பரமும்

ஒரு பதிவுக்கு மட்டும் லைக் குவிந்திருந்தால் காசு கொடுத்துத் தள்ளியதாக இருக்கலாம். `facebook.com/ads/library` போய் நாடு Sri Lanka, வகை All ads என்று கொடுத்து அந்தப் பக்கத்தின் பெயரைத் தேடுங்கள். இப்போது ஓடும் விளம்பரங்களும் அவை தொடங்கிய திகதியும் வரும். ஒரே விளம்பரம் பல வாரமாக ஓடுகிறது என்றால் அது அவர்களுக்குப் பலன் தருவதாக இருக்கலாம், நிச்சயம் என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் சாதாரண வியாபார விளம்பரங்கள் ஓடி முடிந்ததும் அங்கே தெரியாது. ஆகவே பார்த்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

சலுகை நிரலைப் படிக்கும்போது தள்ளுபடியை விட்டுவிட்டு, வாங்குபவரின் பயத்தைத் தீர்க்கும் வாக்குறுதி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தருவார்களா, டெலிவரிக் காசு எவ்வளவு, பெருநாளுக்கு எந்தத் திகதிக்குள் ஓடர் கொடுக்க வேண்டும்? ஐந்து பக்கத்திலும் இவை வெறுமையாக இருந்தால் உங்கள் சலுகை அங்கேயே கிடைத்துவிட்டது.

7. ஒரு பதிவாக மாற்றுவது

"சாயம் போகுமா?" என்ற கேள்வியை எடுப்போம். போட்டிப் பக்கங்களில் பேசுவது கடை, காட்டுவது துணி. நீங்கள் கையைக் காட்டுங்கள். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, சிவப்புச் சேலையின் ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்து, துண்டைக் கமராவுக்கு முன்னால் விரியுங்கள். கறை படாவிட்டால் அதுவே பதில். லேசாகப் பட்டால் மறைக்காமல், "முதல் இரண்டு தடவை தனியாகப் பச்சைத் தண்ணியில கழுவுங்க, நிழல்ல காயப்போடுங்க" என்று வாயால் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். நிறையப் பட்டால் வீடியோவை நிறுத்திவிட்டு, சாயம் போட்டவரிடம் போய்ப் பேச வேண்டும். இதைப் படம் பிடிக்கும் முன் தனியாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

பதிவு போட்ட பிறகு லைக்கை விட்டுவிட்டு, கொமண்டில் வரும் அடுத்த கேள்வியைக் கவனியுங்கள். "சாயம் போகுமா" என்பது நின்று "இந்த நிறத்தில சாரம் இருக்கா" என்று வரத் தொடங்கினால் பதிவு வேலை செய்கிறது. பழைய கேள்வியே திரும்ப வந்தால் பதில் வீடியோவின் கடைசியில் புதைந்திருக்கும், முதல் மூன்று வினாடிக்குள் கொண்டுவாருங்கள். இன்பாக்ஸில் நடப்பது எதுவும் இந்தக் கணக்கில் வராது என்பதால், உங்கள் சொந்த இன்பாக்ஸில் வரும் கேள்விகளையும் அதே தாளில் வேறு நிறத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஆறு வாரம் முன்பாக முழுவதையும் ஒருமுறை திரும்ப எண்ண வேண்டும். அந்த நேரத்தில் கேள்விகள் தலைகீழாக மாறிவிடும், டெலிவரி முதலிடத்துக்கு வந்துவிடும்.