பாட்டிக்குப் பகல் துணை: சர்க்கரை மாத்திரை விஷயத்தில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கத்து அடுக்குமாடிகளில் மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிட்டால், வீட்டிலிருக்கும் அம்மாவுக்குப் பகல் துணையாக அதே புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருக்கும் ஓர் அக்காவை ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். தெரிந்த முகம், நம் மொழி பேசுபவர், லிஃப்ட்டில் ஏறி வந்துவிடும் தூரம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் முதல் நாளே சாவியைக் கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது: "மாத்திரையெல்லாம் நானே கொடுத்துட்டுப் போயிடுறேன்க்கா, நீங்க சும்மா கூட இருந்தா போதும்." பெரும்பாலான ஆபத்துகள் இங்கேதான் தொடங்குகின்றன. மாத்திரையைக் கொடுப்பவர் மகள். அது உடம்பில் வேலை செய்யும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அக்கா. அவருக்கு அது என்ன மாத்திரை என்றே தெரியாது.

சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. கிளிக்லஸைட் வேறு ரகம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது அது. மாத்திரை உள்ளே போய், சாப்பாடு போகாவிட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படியே. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் எளிதாக இறங்கும், தேறவும் நேரமாகும். அதனால் "சுகர் மாத்திரை" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவதுதான் முதல் தவறு. கிளிக்லஸைடோ இன்சுலினோ உண்டா இல்லையா என்பது பகல் துணைக்கு வருபவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அடுத்தது டப்பா. கிளினிக்கில் கொடுத்த பொட்டலங்களைப் பிரித்து, எல்லா மாத்திரைகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பெயர், அளவு, 'செபெலும் மாக்கான்', 'செலெபாஸ் மாக்கான்' என்ற குறிப்பெல்லாம் பொட்டலத்தோடு குப்பைக்குப் போய்விடும். பொட்டலங்களை அப்படியே வைத்திருங்கள். வாராந்திர மாத்திரைப் பெட்டி வாங்கினாலும் அதை நிரப்புவது குடும்பத்தில் ஒருவராகவே இருக்கட்டும். அந்தந்த நேரத்து அறையைத் திறந்து கொடுப்பது மட்டும் அக்காவின் வேலை. பாட்டிக்கு விழுங்கச் சிரமம் என்று மாத்திரையை நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 'எம்ஆர்' என்று எழுதியிருக்கும் கிளிக்லஸைடை நசுக்கக் கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

நம் வீடுகளில் மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது: விரதம். வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனி, சஷ்டி, தைப்பூசத்துக்கு முந்தைய நாட்கள். அறுபது வருடமாக இருந்த விரதத்தைச் சர்க்கரை வந்துவிட்டதென்று பாட்டி விடமாட்டார்; பல நேரம் சொல்லவும் மாட்டார். மாத்திரையை மட்டும் மகள் கையால் ஒழுங்காக வாங்கிப் போட்டுக்கொள்வார். இதை முரட்டுத்தனமாகத் தடுக்க முயன்றால் அவர் மறைத்துச் செய்வார். அதைவிட, விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். நோன்பு மாதத்தில் இதே கேள்வியை ஏராளமானோர் கேட்பதால் நம் நாட்டு மருத்துவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு 76 வயது. காலை 6:45க்கு மகள் கிளிக்லஸைடும் மெட்ஃபோர்மினும் கொடுக்கிறார். மேசையில் இட்லியை மூடி வைத்துவிட்டு 7 மணிக்குக் கிளம்புகிறார். பாட்டி சர்க்கரையில்லாத கோப்பி மட்டும் குடித்துவிட்டுச் சாமி கும்பிடுகிறார். 8:30க்கு அக்கா வரும்போது "சாப்டாச்சு" என்கிறார். 10:30 மணிக்குப் பாட்டி பேச்சில் ஒரு எரிச்சல். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். பிறகு நாற்காலியிலேயே கண்ணயர்கிறார். நெற்றியும் பிடரியும் வியர்த்திருக்கின்றன. வெக்கை என்று நினைத்து அக்கா காற்றாடியைக் கூட்டி வைத்துவிட்டு, தூங்கட்டும் என்று விடுகிறார்.

அந்தத் தூக்கம்தான் கவனிக்க வேண்டியது. வெக்கையில் வியர்ப்பவரின் தோல் சூடாக இருக்கும். சர்க்கரை இறங்கி வியர்ப்பவரின் தோல் தொட்டால் பெரும்பாலும் சில்லென்று ஈரமாக இருக்கும். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழறும் பேச்சு, வழக்கமில்லாத கோபம் இவையும் அடையாளங்கள். இதயத்துக்கு பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் வரும். சந்தேகம் வந்தால் தூங்க விடாமல் எழுப்பி, விரலில் குத்திப் பார்க்க வேண்டும். பழம் உரித்த கையில் குத்தினால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் முதலில் விரலைக் கழுவித் துடைக்க வேண்டும். கருவி இல்லையென்றாலோ, தேட நேரமாகும் என்றாலோ, சர்க்கரை குறைந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

இந்தப் பாட்டிக்குக் கருவி லிட்டருக்கு 2.9 மில்லிமோல் காட்டுகிறது. 4க்குக் கீழே என்றாலே செயல்பட வேண்டும். விழித்திருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க, 3.7. இன்னும் போதவில்லை, இன்னொரு மூன்று தேக்கரண்டி. அடுத்த 15 நிமிடத்தில் 5.1. இப்போது அந்த இட்லியைச் சாப்பிட வைக்க வேண்டும். சீனித் தண்ணீர் ஏற்றிய அளவு நெடுநேரம் நிற்காது.

இந்த இடத்தில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பால் ஊற்றிய மைலோவோ சாக்லேட்டோ கொடுப்பது. கொழுப்பு கலந்திருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும். இரண்டாவது, சர்க்கரை நோயாளி வீடென்பதால் சீனியே வாங்காமல், ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்பு மட்டும் வைத்திருப்பது. அதை எத்தனை கரண்டி கரைத்துக் கொடுத்தாலும் ரத்தத்தில் ஒரு புள்ளிகூட ஏறாது. "அவசரத்துக்கு" என்று எழுதி ஒரு சிறு டப்பா சீனியை அலமாரியில் தனியாக வையுங்கள். அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சாதாரணச் சீனி வேகமாக வேலை செய்யாது. மருந்துக்கடையில் குளுக்கோஸ் பொடி வாங்கி வைக்க வேண்டும். மூன்றாவதுதான் மிகவும் மோசமானது: மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது. அது நுரையீரலுக்குப் போகும். விழுங்க முடியாதவருக்கு எதுவும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழைக்க வேண்டும்.

அளவு 5.1க்கு வந்ததும் கதை முடிந்ததென்று மகளிடம்கூடச் சொல்லாமல் விடுவதுண்டு. பாட்டியே "சொல்லாதேம்மா, பயந்துடுவா" என்பார். கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிளிக்லஸைடின் விளைவு நீடிக்கும். சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு ஒரு நாள் வரைக்கும்கூட மறுபடி இறங்கலாம். காலையில் தேறியவருக்கு மாலை 3 மணிக்கு மீண்டும் 3.6 வருவது ஆச்சரியமில்லை. அதனால் அன்று பகலில் அடிக்கடி அளவு பார்ப்பதும், மாலை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் கிளினிக்கைக் கேட்பதும் அவசியம். மறுபடி இறங்கினால் மருத்துவமனைக்கே போய்விட வேண்டும்.

அதே அக்கா புளோக்கில் இன்னொரு தாத்தாவையும் பார்த்துக்கொள்கிறார் என்றால், விரல் குத்தும் பேனாவையோ ஊசியையோ இருவருக்கும் பொதுவாக வைக்கவே கூடாது. ஊசி முனையை மாற்றினாலும் பேனாவில் ஒட்டிய ரத்தம் வழியாக ஹெபடைட்டிஸ் பி தொற்றலாம். ஆளுக்கொன்று, பெயர் எழுதி. சிலர் நான்கைந்து முதியவர்களைத் தம் வீட்டிலேயே சேர்த்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது என்றால் அது 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்துக்குள் வந்துவிடும். சமூக நலத்துறையான ஜேகேஎம்-இல் பதிய வேண்டும், கட்டணம் வாங்காவிட்டாலும்கூட. ஒருவரைப் பார்க்க அவர் வீட்டுக்கே போய்வருவதற்கு இது பொருந்தாது.

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். உடனே கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம்; அசைக்காமல் 999ஐ அழைக்க வேண்டும். வார்ஃபரின், கிளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர் தலை அடிபட விழுந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விழுந்தவருக்கும் சர்க்கரை அளவு பார்க்க மறக்காதீர்கள். விழுந்ததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

இத்தனையையும் அக்கா நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் போதும். அதில் மருந்துகளின் பெயரும் நேரமும், கிளிக்லஸைட் அல்லது இன்சுலின் என்ற வரி சிவப்பு மையில், 4க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனி, 15 நிமிடம் என்ற குறிப்பு, கிளினிக் எண், அலுவலகத்தில் உடனே எடுக்கும் இரண்டு பேரின் எண். கூடவே வீட்டு முகவரியை முழுதாக: காண்டோவின் பெயர், தெரு, புளோக், மாடி, வீட்டு எண். 999இல் கேட்கும்போது பதற்றத்தில் புளோக் எழுத்து மறந்துபோகும். காவலர் கூண்டின் எண்ணும் அதே தாளில் வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலில் தடுப்புக் கம்பத்துக்கு முன் நிற்காமல் உள்ளே விடவும், ஒரு லிஃப்ட்டைக் கீழேயே நிறுத்திவைக்கவும் அவர்களால்தான் முடியும்.

தாளுக்குக் கீழே ஒரு சின்ன நோட்டு. காலையில் மகள் மாத்திரை கொடுத்த நேரத்தை எழுதிவிட்டுப் போகிறார். அக்கா வந்ததும் "சாப்டீங்களா?" என்று கேட்பதோடு நிற்காமல், மேசையில் இட்லி எத்தனை மீதியிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறார்.