ஸ்கிராப் டெண்டரில் பணம் வந்துவிடுகிறது, கணக்கு ஏன் தீர்வதில்லை?

ஸ்கிராப்பையும் உபரிப் பொருளையும் மூடி முத்திரையிட்ட டெண்டர் மூலம் விற்கும்போது உறை, முத்திரை, திறக்கும் நேரம் ஆகியவற்றில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கும். தணிக்கையில் மாட்டிக்கொள்ளும் தவறு பெரும்பாலும் அங்கே நடப்பதில்லை. பதிவேட்டில் எண்ணிக்கையாக இருக்கும் பொருளை டெண்டரில் கிலோக் கணக்கில் விற்றுவிட்டு, அந்த இரண்டையும் இணைக்கும் தாள் எதையும் வைக்காமல் விடுவதுதான் ஆண்டுக்கணக்கில் தீராத பாக்கியாக நிற்கிறது.

ஒரு லாட்டை எடுத்துக்கொள்வோம். சொத்துப் பதிவேட்டிலும் கிடங்குப் பதிவேட்டிலும் 40 பழைய மின்மோட்டார்கள் இருக்கின்றன. இவை பழுதுபார்த்தாலும் பயன்படாது என்று ஆய்வுக் குழு எழுதிக் கொடுத்துவிட்டது. டெண்டர் அறிவிப்பில் இந்த லாட் "பழைய மோட்டார்கள், சுமார் 1,200 கிலோ" என்று மட்டும் வருகிறது. முதல் தவறு இதுதான். "40 எண்ணம், சுமார் 1,200 கிலோ, விலை கிலோவுக்கு மட்டும், உண்மையான எடைக்கே பணம், ஏற்றும்போது எண்ணிக்கையும் எடையும் பதிவு செய்யப்படும்" என்று எழுதியிருந்தால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி எழவே எழாது.

அலகைத் தெளிவாகச் சொல்லாதபோது உறைகளைத் திறந்த அன்றே ஒப்பீடு குழம்பிவிடும். ஒருவர் கிலோவுக்கு 50 என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் லாட் முழுவதற்கும் 58,500 என்று மொத்தமாக எழுதியிருக்கிறார். 1,200 கிலோ என்ற மதிப்பீட்டின்படி முதலாமவரின் விலை 60,000 ஆவதால், குழு அவரையே உயர்ந்தவராக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஏற்றி முடித்தபோது எடை 1,160 கிலோதான் வந்தது என்றால் அவர் கொடுக்க வேண்டியது 58,000 மட்டுமே. நிராகரிக்கப்பட்ட விலை அதைவிட 500 அதிகம். இங்கே யாரும் நேர்மை தவறவில்லை என்றாலும், தோற்றவர் கேள்வி கேட்டால் கோப்பில் பதில் இருக்காது. ஆகவே அலகு மாறி எழுதப்பட்ட விலைகள் ஏற்கப்படமாட்டா என்று நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். உறை திறந்தபின் அந்த விதியைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது, விதி சரியானதாகவே இருந்தாலும், நிற்காது.

உறை திறப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிப்படை விலை உறை திறப்பதற்கு முன்பே எழுதி மூடி வைக்கப்பட்டிருக்க வேண்டும். விலை எண்ணிலும் எழுத்திலும் இருக்க வேண்டும். வெற்றாக விடப்பட்ட கட்டங்களைக் குறுக்கே கோடிட்டு அடித்து, திருத்தங்களில் குழுவினர் அனைவரும் அங்கேயே சுருக்கொப்பம் இட வேண்டும். வெற்றுக் கட்டம்தான் பிறகு நிரப்பப்படக்கூடிய இடம்.

எடைபோடும் இடத்தைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டும். வெற்று வண்டியை எடைபோடும்போது ஓட்டுநரும் உதவியாளரும் உள்ளே அமர்ந்திருக்கிறார்கள், தண்ணீர்க் கேன்கள் நிரம்பியிருக்கின்றன, தட்டில் கொஞ்சம் மணலும் கிடக்கிறது. சரக்கோடு எடைபோடும்போது இவை எதுவும் இல்லை. வெற்று எடை கூடினால் சரக்கின் எடை அதே அளவு குறையும். விற்பவருக்கு அவ்வளவும் இழப்பு. இரண்டு எடையும் ஒரே எடைமேடையில், ஒரே நிலையில், விற்பவரின் ஆள் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும். எடைச்சீட்டில் வண்டி எண், நேரம், லாட் எண் ஆகியவை இருக்க வேண்டும். வண்டிகளை நிறுக்கும் பெரிய எடைமேடை பல கிலோப் படிகளில்தான் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. செம்பு, பித்தளை போன்று எடை குறைந்து விலை கூடிய லாட்டை அதில் நிறுப்பது தவறு. அதற்குத் தரையில் வைக்கும் சிறு தராசு வேண்டும்.

நம் லாட் மூன்று வண்டிகளில் போகிறது. முதல் வண்டியில் 14 மோட்டார்கள், 420 கிலோ. இரண்டாவதில் 13, 390 கிலோ. மூன்றாவதில் 12, 350 கிலோ. ஒவ்வொரு கேட் பாஸிலும் எண்ணிக்கையும் எடையும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பதால், ஒரு மோட்டாருக்குச் சராசரி 30 கிலோவை ஒட்டியே வருவதை உடனே சரிபார்க்க முடிகிறது. ஏதேனும் ஒரு வண்டியில் இந்தச் சராசரி சட்டென்று உயர்ந்தால், வேறு பொருள் கலந்து ஏறியிருக்கலாம் என்று சந்தேகித்து, கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டியை இறக்கிப் பார்க்க வேண்டும். சட்டென்று குறைந்தால் எடையில் கோளாறு இருக்கலாம்.

எண்ணிக்கையைக் கூட்டினால் 39. பதிவேட்டில் 40 இருந்தது. பெரும்பாலானவர்கள் தவறு செய்யும் இடம் இது. "டெண்டரில் விற்கப்பட்டது, 1,160 கிலோ" என்று ஒரே வரி எழுதி 40 எண்ணத்தையும் கழித்துவிடுகிறார்கள். காணாமல் போன மோட்டார் விற்பனைக்குள் மறைந்துவிடுகிறது; அதைத் தேடும் வாய்ப்பும் போய்விடுகிறது. பதிவேட்டில் கேட் பாஸ் எண்களோடு 39 மட்டுமே விற்பனையாகக் கழிய வேண்டும். மீதி 1 பாக்கியாகவே நின்று, விசாரணை அறிக்கையும் அதிகாரம் உள்ளவரின் தள்ளுபடி ஆணையும் வந்த பிறகே கழிய வேண்டும். என் கருத்தில், இந்த ஒரு பாக்கியைத் துணிந்து காட்டும் கிடங்கு, எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும் கிடங்கைவிட நம்பத்தக்கது. லாட்டை அறிவிப்பதற்கு முன்பே தரையில் அடுக்கி எண்ணியிருந்தால் இந்தக் குறை அப்போதே தெரிந்திருக்கும் என்பதும் உண்மை.

இனிக் கணக்குப் பிரிவுக்கு வருவோம். வாங்கியவர் முன்கூட்டியே 60,000 கட்டியிருந்தார். எடை 40 கிலோ குறைந்ததால் 2,000 அவருக்குத் திரும்ப வேண்டும். விற்பனைத் தொகை 58,000. பணம் வந்த அன்றே 60,000 முழுவதையும் பலவகை வருமானத்தில் வைத்துவிட்டு, மோட்டார்களைச் சொத்துக் கணக்கில் அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒவ்வொரு மோட்டாரின் அடக்க விலை 10,000, அதுவரை எழுதிய தேய்மானம் 9,000 என்று கொள்வோம். விற்ற 39 மோட்டார்களுக்கு அடக்கம் 3,90,000, தேய்மானம் 3,51,000 இரண்டும் கணக்கிலிருந்து நீங்க வேண்டும். மீதி மதிப்பு 39,000, கிடைத்தது 58,000, ஆக லாபம் 19,000 மட்டுமே. காணாமல் போன மோட்டாரின் 1,000 தனி இழப்பு. இந்த லாபத்திலிருந்து கழித்து அதைக் கரைத்துவிடக் கூடாது. இப்படிச் செய்யாவிட்டால், இல்லாத மோட்டார்களுக்கு அடுத்த ஆண்டும் தேய்மானம் எழுதிக்கொண்டிருப்போம்.

விலையோடு வசூலித்த வரியும் வருமானம் அல்ல, செலுத்த வேண்டிய கடன். முன்வைப்புத் தொகையும் அப்படியே. தோற்றவர்களுடையதைப் பெயர்வாரியாகத் திருப்பிக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். வென்றவருடையதை, நிபந்தனையில் சொன்னபடி விலையில் சரிக்கட்டலாம், அல்லது கடைசி வண்டி போய் இடம் காலியானது என்று கிடங்குப் பொறுப்பாளர் எழுதித் தரும்வரை நிறுத்தி வைக்கலாம். அந்தத் தாளில் லாட் எண், மூன்று கேட் பாஸ் எண்கள், மூன்று எடைச்சீட்டு எண்கள், ரசீது எண், பதிவேட்டுப் பக்கம், பாக்கி நிற்கும் 1 மோட்டார் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். அதன் ஒரு படி கணக்குப் பிரிவுக்குப் போன பிறகே அந்த லாட்டின் கோப்பை மூட வேண்டும்.