கை சுட்டுச்சா? மஞ்சள் டப்பா பக்கம் போகாதீங்க, குழாயைத் திறங்க

போன தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மா முறுக்கு சுட்டுட்டு இருந்தாங்க. எண்ணெய்ச் சட்டி லேசா சாய்ஞ்சு இடது கைல, மணிக்கட்டுக்கு மேல கொட்டிடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து "ஐயோ தண்ணி படக்கூடாதும்மா, கொப்புளம் வந்துரும்"னு சொல்லி மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெய்ல குழைச்சு கெட்டியா பூசி விட்டுட்டாங்க. பாசத்துல தான் செஞ்சாங்க, எங்க யாருக்கும் அப்போ வேற தெரியல. மறுநாள் காலைல பூச்சு காஞ்சு பொருக்கு கட்டி, அதுக்கடியில கொப்புளம் உடைஞ்சு நீர் கசிஞ்சுட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரில நர்ஸ் உப்புத்தண்ணிய ஊத்தி ஊற வச்சு, பஞ்சால துடைச்சு துடைச்சு எடுக்க அரை மணி நேரம் ஆச்சு, அம்மா பல்லைக் கடிச்சுட்டு அழுதுட்டு இருந்தாங்க. டாக்டர் சொன்னது இன்னும் காதுல நிக்குது: "சிவந்திருக்கா வெளுத்திருக்கான்னு பார்த்து தான் எவ்ளோ ஆழம்னு சொல்ல முடியும், நீங்க எல்லாத்தையும் மஞ்சளாக்கிக் கொண்டு வந்திருக்கீங்களே."

அதுக்கப்புறம் கேட்டு, படிச்சு, முதலுதவி வகுப்புக்கும் போய் கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். வீட்ல அடுப்பு இருக்குற எல்லாருக்கும் இது வேணும்.

முதல் வேலை தண்ணி, 20 நிமிஷம்

எண்ணெயோ ரசமோ கொட்டின உடனே அடுப்பை அணைச்சுட்டு குழாய்த் தண்ணில கையைக் காட்டுங்க. எண்ணெயைத் துடைச்சிட்டா சூடும் போயிடும்னு நினைக்காதீங்க. தோலுக்குள்ள இறங்கின சூடு இன்னும் கீழ கீழ வேக வச்சுட்டே தான் இருக்கும், ஓடுற தண்ணி தான் அதை வெளிய இழுக்கும். மஞ்சளை எண்ணெயோட குழைச்சு பூசுறப்போ நடக்குறது இதுக்கு நேர் எதிர்: சூடு உள்ளேயே மூடி நிக்குது, ஆத்த வேண்டிய நேரமும் கைவிட்டுப் போகுது.

20 நிமிஷம்னா ஃபோன்ல டைமர் வச்சு 20 நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல எரிச்சல் குறைஞ்ச மாதிரி இருக்கும், கையை எடுத்துட்டா திரும்ப எரியும், அதனால டைமர் அடிக்கிற வரைக்கும் எடுக்காதீங்க. நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் கவனிக்கணும், வெயில் காலத்து மதியத்துல மாடி டேங்க் தண்ணியே கொதிக்கும், அந்தத் தண்ணி உதவாது, அப்போ குடத்துல இருக்குற தண்ணிய சொம்பு சொம்பா மொண்டு ஊத்துங்க. ஐஸ் வைக்காதீங்க, ஐஸ் தோலுக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைச்சு காயத்தை இன்னும் ஆழமாக்கும். சுட்டு ஒரு மணி ரெண்டு மணி ஆகிடுச்சுன்னாலும் விடாதீங்க, 3 மணி நேரத்துக்குள்ள தண்ணி காட்டினாலும் பலன் உண்டு. சின்னக் குழந்தைன்னா சுட்ட இடத்துக்கு மட்டும் தண்ணி ஊத்தி, மத்த உடம்பைப் போர்த்தி வைங்க, இல்லன்னா குளிர்ல நடுங்க ஆரம்பிச்சிடும்.

தண்ணி ஓடுறப்பவே மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டிடுங்க. அம்மாவோட வளையலை நாங்க மறந்துட்டோம், ராத்திரி கை வீங்கி அதை வெட்டி தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. துணி தோலோட ஒட்டிருந்தா இழுக்காதீங்க, சுத்தி கத்தரியால வெட்டி விட்டுட்டு ஒட்டினது அப்படியே இருக்கட்டும்.

அடுத்து மூடுறது

மேல எதுவும் பூச வேணாம். துவைச்சுக் காயப்போட்ட மெல்லிசான காட்டன் வேட்டித் துண்டை ஈரம் இல்லாம தளர்வா மேல போடுங்க. சாப்பாடு மூடுற கிளிங் ஃபிலிம் இருந்தா இன்னும் நல்லது, காயத்துல ஒட்டாது, உள்ள இருக்குறதும் தெரியும், ஆனா சுத்திக் கட்டாம நீளவாக்குல மேல வைக்கணும், ஏன்னா வீக்கம் வரும். பஞ்சு வேணாம், நூல் நூலா ஒட்டிக்கும். கொப்புளத்தைக் குத்தி விடாதீங்க, அந்தத் தோல் தான் கிருமி போகாம மூடி வச்சிருக்கு. வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

மஞ்சள், வெங்காயம், பூண்டு பத்தி

மஞ்சள்ல குர்குமின் இருக்கே, கிருமி நாசினி தானேன்னு கேப்பீங்க. ஆய்வுக்கூடத்துல குர்குமின் வேலை செய்யுறது உண்மை. ஆனா நம்ம தூள்ல அது நூறு கிராமுக்கு சுமார் 3 கிராம் தான். மிச்சமெல்லாம் மாவும் நாரும், வெயில்ல களத்துல காயுறப்போ ஒட்டின தூசியும் தான். மண்ல இருக்குற சில கிருமிங்க வித்து மாதிரி ஸ்போரா மாறிக் கிடக்கும், வேக வச்சாலும் வெயில்ல காய வச்சாலும் சாகாது. குழம்புல கிடந்தா வயிறு சமாளிச்சுக்கும், தோல் போன இடத்துல போட்டா நேரா உள்ள தான் போகும்.

பச்சைப் பூண்டு இன்னும் மோசம். இடிச்சதும் வர்ற காரம் நல்ல தோலையே சுட்டுடும், துணில கட்டி சில மணி நேரம் வச்சதுக்கே கொப்புளம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தைகள் பத்தி மருத்துவ இதழ்கள்ல எழுதிருக்காங்க. ஏற்கனவே வெந்த தோல் எப்படித் தாங்கும்? சின்ன வெங்காயச் சாறும் இதே ஜாதி தான், கண்ணைக் கரிக்கிற அதே கந்தகச் சத்து பச்சைப் புண்ல பட்டா எரியும், அந்த எரிச்சலை "மருந்து வேலை செய்யுது"ன்னு நினைச்சுடுறோம்.

வெட்டுக்காயம்னா

ரத்தம் வழியுறப்போ மஞ்சளோ காபித்தூளோ அப்பிடாதீங்க. சுத்தமான துணிய மடிச்சு வச்சு 10 நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க, நடுவுல நின்னுச்சான்னு தூக்கிப் பார்த்தா உறைஞ்சது பிச்சுக்கிட்டு திரும்ப வழியும். நின்னப்புறம் ஓடுற தண்ணில கழுவி, சுத்தி சோப்பு போட்டு, பேண்டேஜ் ஒட்டுங்க. 10 நிமிஷம் அழுத்தியும் நிக்கலன்னா, வாய் பிளந்திருந்தா, தையல் வேணும். காயம் அழுக்கா இருந்து கடைசி டிடி ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, இல்ல எப்போ போட்டோம்னே ஞாபகம் இல்லன்னா, ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் போட்டுக்கோங்க, தீக்காயத்துக்கும் இதைக் கேளுங்க.

வீட்ல பார்த்துக்கலாமா, கிளம்பணுமா

சுட்டவங்களோட உள்ளங்கை விரலோட சேர்த்து அவங்க உடம்புல சுமாரா நூத்துல ஒரு பங்கு. காயம் அதை விடப் பெருசுன்னா ஆஸ்பத்திரி. முகம், கை, பாதம், மூட்டு, மர்ம உறுப்புன்னா சின்னதா இருந்தாலும் ஆஸ்பத்திரி, கைக்குழந்தை, வயசானவங்க, சக்கரை வியாதி உள்ளவங்களுக்கும் அப்படித்தான். கரண்ட், ஆசிட் காயம், புகைய இழுத்தது, பெரிய தீக்காயம்னா நேரா 108. வெளுத்து, இல்ல பழுப்பாகி செருப்புத் தோல் மாதிரி கெட்டியா இருந்து வலியே இல்லன்னா நிம்மதி ஆகிடாதீங்க, நரம்பு வரைக்கும் வெந்திருக்கும், உடனே கிளம்புங்க.

வீட்ல பார்த்துக்குற சின்னக் காயத்தையும் ஒரு வாரம் தினமும் பாருங்க. சுத்தி இருக்குற சிவப்பு பரவுறது, சீழ், நாத்தம், காய்ச்சல், குறைஞ்ச வலி மூணாவது நாள் திரும்பக் கூடுறது, இதுல ஒண்ணு வந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க. அம்மாவுக்கு நாலாவது நாள் சீழ் வச்சு, அது ஆற ஒரு மாசம் ஆச்சு, தழும்பு இன்னும் இருக்கு. இப்போ எங்க வீட்டு சமையல்கட்டுல குழாய்க்குப் பக்கத்துல ஒரு துவைச்ச வேட்டித் துண்டு கவர்ல போட்டுத் தொங்குது, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டு வாங்கிட்டுப் போய் ஒண்ணு மாட்டி வச்சிருக்காங்க.