விலைமனு அழைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேலையின் எல்லையும் புள்ளியிடும் முறையும்

வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வர்ணம் பூச விலைமனு கோருவதாக வைத்துக்கொள்வோம். "கட்டடத்தின் வெளிச்சுவர்களுக்கு வர்ணம் பூசுதலும் தேவையான ஏனைய வேலைகளும்" என்ற ஒரு வரியே அழைப்பில் வேலையின் விபரமாக இருக்கிறது. ஓர் ஒப்பந்தகாரர் 900,000 ரூபாயும் இன்னொருவர் 720,000 ரூபாயும் கேட்கிறார்கள். முதலாமவரின் தொகையில் சாரக்கட்டும் வற் வரியும் அடங்கியிருக்கின்றன. இரண்டாமவரோ சாரக்கட்டைப் பாடசாலை தரும் என்று எண்ணி, வரியையும் சேர்க்காமல் விலை எழுதியிருக்கிறார். சாரக்கட்டுக்கு 120,000 ரூபாயைக் கூட்டி, அதன்மேல் 18 வீத வரியையும் சேர்த்தால் அவருடைய தொகை 991,200 ரூபாயாகிறது. மலிவானது என்று சங்கம் தெரிவு செய்த விலைமனு உண்மையில் கூடிய விலையுடையது. இதில் இருவரும் ஏமாற்றவில்லை; அழைப்பு இரண்டு வாசிப்புகளுக்கும் இடம் கொடுத்துவிட்டது.

ஆகவே, எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, கதவு யன்னல்களின் பரப்பு கழிக்கப்படுமா, பழைய பூச்சைச் சுரண்டுவது யார் பொறுப்பு, எத்தனை பூச்சு என்பவற்றை எழுதுவதோடு, அடங்காதவற்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும். "மதிற்சுவர் இவ்வேலையில் அடங்காது" என்ற ஒரு வாக்கியம் பிற்காலத்து வாக்குவாதத்தை முன்கூட்டியே முடித்துவிடும். விலை வரி உட்படக் கேட்கப்படுகிறதா என்பதை விலைப் படிவத்திலேயே அச்சிடுவது நல்லது.

"தேவையான ஏனைய வேலைகள்" என்பதே இவ்வழைப்பின் மிக ஆபத்தான தொடர். சுவரைச் சுரண்டும்வரை எத்தனை வெடிப்புகள் இருக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. அதனால் வெடிப்புத் திருத்தத்துக்கு ஓர் அடிக்கு இவ்வளவு என்று அலகு விலை கேட்க வேண்டும். ஆனால் அலகு விலையை மட்டும் கேட்டுவிட்டு அதை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவது அடுத்த தவறு; மொத்த விலையைக் குறைத்துக் காட்டி, அலகு விலையை மிக உயர்த்தி எழுத அது வழிவிடும். 200 அடி என்று ஓர் உத்தேச அளவைக் கொடுத்து, அதன் பெறுமதியையும் ஒப்பீட்டுத் தொகையில் சேர்த்து, கொடுப்பனவு உண்மையில் அளந்த அளவுக்கே செய்யப்படும் என்றும் எழுதிவிட்டால் அந்த வாய்ப்பு இல்லாமற்போகும்.

மதிப்பீட்டில் இதைவிட நுட்பமான தவறு நேர்கிறது. "தரத்துக்கு 70, விலைக்கு 30 புள்ளிகள்" என்று எழுதியதும் எல்லாம் தெளிவாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தரத்தில் 60 பெற்றவர் 10 இலட்சமும், 52 பெற்றவர் 8 இலட்சமும் கேட்டிருக்கட்டும். ஆகக் குறைந்த விலையை ஒவ்வொருவருடைய விலையாலும் பிரித்து 30 ஆல் பெருக்கினால், முதலாமவருக்கு 24, இரண்டாமவருக்கு 30. மொத்தம் 84 க்கு 82 என முதலாமவர் வெல்வார். ஆகக் குறைந்த விலைக்கு 30, ஆகக் கூடியதற்குப் பூச்சியம், இடைப்பட்டவற்றுக்கு விகிதப்படி என்று கணித்தால், 60 க்கு 82 என இரண்டாமவர் வெல்வார். அதே முறையில் தரத்தில் மிகக் குறைந்த மூன்றாமவர் ஒருவர் 16 இலட்சத்துக்கு விலைமனு இட்டிருந்தால், முதலாமவரின் விலைப்புள்ளி 22.5 ஆக உயர, அவர் 82.5 க்கு 82 என்று மறுபடி வெல்வார். வெல்லும் வாய்ப்பே இல்லாத ஒருவருடைய விலை முடிவை மாற்றுவதால், இரண்டாவது முறையை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. எந்த முறையைத் தெரிவு செய்தாலும் சூத்திரத்தை அழைப்பிலேயே அச்சிட வேண்டும். உறைகளைத் திறந்த பின் சூத்திரம் தேடும் குழு, விரும்பியோ விரும்பாமலோ, வெல்பவரையும் தானே தெரிவு செய்கிறது.

தரப்புள்ளிகளும் அவ்வாறே. "போதிய அனுபவம்: 20" என்பதற்குப் பதிலாக, கடந்த 5 ஆண்டுகளில் 500,000 ரூபாய்க்குக் குறையாத பெறுமதியில், தானே முதன்மை ஒப்பந்தகாரராக இருந்து முடித்த வெளிச்சுவர் வர்ணப்பூச்சு வேலை ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, ஆகக் கூடியது 20, சான்று வேலை உரிமையாளரின் நிறைவுக் கடிதம் என்று எழுதினால், இரு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே இருந்து பார்த்தாலும் ஒரே எண்ணுக்கு வருவார்கள். வரைவை வெளியிடுமுன், அதனோடு தொடர்பில்லாத இருவரிடம் கற்பனை விலைமனு ஒன்றைக் கொடுத்துப் புள்ளியிடச் சொல்லுங்கள். எண்கள் வேறுபடும் இடமே திருத்த வேண்டிய வாக்கியம்.

இவ்வளவு செய்தும் ஐயங்கள் எழும். ஒருவர் தொலைபேசியில் கேட்டதற்கு அவருக்கு மட்டும் பதில் சொல்வது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி. கேள்விகளை எழுத்தில் பெற ஒரு கடைசித் திகதி வைத்து, கேட்டவரின் பெயரைக் குறிப்பிடாமல் எல்லாப் பதில்களையும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பதில் வேலையின் அளவை மாற்றுமானால் முடிவுத் திகதியையும் பின்தள்ள வேண்டும். அழைப்பு மும்மொழியிலும் வெளிவருமானால், முரண்பாடு தோன்றும்போது எந்த மொழிப் பிரதி செல்லுபடியாகும் என்பதை மூன்று பிரதிகளிலும் எழுத வேண்டும்.