மாதவிடாய்க்கு முன்பே கறை படுகிறதா? சுழற்சியின் பின்பாதியை எண்ணிப் பார்க்கும் முறை

“பீரியட்ஸ் வர இன்னும் மூணு நாள் இருக்கும்போதே பழுப்பா லேசா பட ஆரம்பிச்சிடுது, அப்புறம்தான் நல்லா வருது.” குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்கள் மருத்துவரிடம் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. இதைக் கேட்டதும் “புரோஜெஸ்டிரோன் குறைவு” என்று முடிவு கட்டி மாத்திரை தேடுகிறவர்கள் உண்டு. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பின்பாதி உண்மையிலேயே குறுகியதா என்று எண்ண வேண்டும். குழப்பத்தில் பாதி இந்த எண்ணிக்கையில்தான் வருகிறது.

பின்பாதி என்றால் எது?

முட்டை வெடித்த நாளுக்கு மறுநாள் தொடங்கி, அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய நாள் வரை உள்ள காலம்தான் பின்பாதி. பெரும்பாலான பெண்களுக்கு இது 12 முதல் 14 நாள் வரை இருக்கும். 10 நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் குறுகிய பின்பாதி என்கிறார்கள்.

முட்டை வெடித்து வெளியேறியதும், அது இருந்த பை கார்பஸ் லூட்டியம் என்ற சிறு சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கருப்பையின் உள்படலத்தை உதிராமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஹார்மோன்தான். அது இறங்கும்போது படலம் ஓரங்களில் உதிரத் தொடங்கும். அதுதான் பழுப்புக் கறை. கரு உருவானால், அது பெரும்பாலும் முட்டை வெடித்த 8 முதல் 10 நாளுக்குள் படலத்தில் பதிகிறது. பதிந்த பிறகுதான் “சுரப்பதை நிறுத்தாதே” என்ற செய்தி கார்பஸ் லூட்டியத்துக்குப் போகும். எட்டாம் நாளே படலம் உதிரத் தொடங்கினால் அந்தச் செய்தி போய்ச் சேர நேரம் போதாது. கவலைக்குக் காரணம் இதுதான்.

முதல் படி: முதல் நாள் எது என்று முடிவு செய்யுங்கள்

நாப்கின் வைத்தே ஆக வேண்டிய அளவுக்குச் சிவப்பாகப் போகும் நாள்தான் சுழற்சியின் 1-ஆம் நாள். துடைக்கும்போது மட்டும் தெரியும் பழுப்போ இளஞ்சிவப்போ முதல் நாள் ஆகாது. அது முந்தைய சுழற்சியின் பின்பாதியில் சேரும். போன் செயலியில் கறை பட்ட அன்றே “பீரியட்ஸ் தொடங்கியது” என்று தட்டிவிட்டால், பின்பாதி இருப்பதைவிட மூன்று நாள் குறைவாகக் காட்டும். கறையைத் தனியாகக் குறித்து வையுங்கள்: எந்த நாள், என்ன நிறம், துடைக்கும்போது மட்டுமா, உள்ளாடையிலும் பட்டதா.

இரண்டாம் படி: முட்டை வெடித்த நாளைக் கண்டுபிடியுங்கள்

14-ஆம் நாள் என்று ஊகிக்காதீர்கள். இதற்கு இரண்டு கருவி போதும், இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள்.

ஒன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப். 25, 26 நாள் சுழற்சி உள்ளவர்கள் 10-ஆம் நாளிலிருந்தே தினமும் பார்க்க வேண்டும். மதியத்திலிருந்து மாலைக்குள் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், நிறையக் குடித்துவிட்டுப் பார்த்தால் கோடு வெளிறிவிடும். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். மங்கலான இரண்டாம் கோடு பாசிட்டிவ் ஆகாது. கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தவறு சுலபமாக நேரும். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள், காய்ந்த பிறகு தெரியும் கோட்டை நம்ப முடியாது. பாசிட்டிவ் வந்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். அதனால் மறுநாளை வெடித்த நாளாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தெர்மாமீட்டர். காலையில் கண் விழித்ததும், எழுந்து நடப்பதற்கு முன், தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ஃபாரன்ஹீட்டில் ஒரு தசம இடம் காட்டும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். முட்டை வெடித்த பின் வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி ஏறி அங்கேயே நிற்கும். முந்தைய ஆறு நாளைவிடத் தொடர்ந்து மூன்று நாள் கூடுதலாக இருந்தால் வெடித்துவிட்டது என்று கொள்ளலாம். ஸ்ட்ரிப் “வெடிக்கப் போகிறது” என்றுதான் சொல்லும், வெடித்ததைச் சொல்வது வெப்பநிலை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஸ்ட்ரிப் பல நாள் பாசிட்டிவ் காட்டி ஏமாற்றும். அவர்களுக்கு இரண்டாவது கருவி இல்லாமல் முடியாது. ஏற்கெனவே ஃபாலிக்குலர் ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் தெரியும் நாளே மற்ற இரண்டையும்விட உறுதியானது.

மூன்றாம் படி: கணக்கைப் போடுங்கள்

ஒரு பெண்ணின் குறிப்பேடு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15-ஆம் நாள் மாலை ஸ்ட்ரிப் பாசிட்டிவ். அதுவரை 97.1-க்கும் 97.4-க்கும் இடையில் இருந்த வெப்பநிலை 17-ஆம் நாள் 97.8, அடுத்து 97.9, அடுத்து 98.0. ஆக, முட்டை வெடித்தது 16-ஆம் நாள். 23-ஆம் நாள் பழுப்புக் கறை, 24-லும் 25-லும் அப்படியே. அதற்கு மறுநாள் சிவப்பாக வந்துவிட்டது, அதுதான் அடுத்த சுழற்சியின் 1-ஆம் நாள்.

சுழற்சி 25 நாள். 25-லிருந்து 16 போனால் 9. பின்பாதி 9 நாள், அதில் கடைசி 3 நாள் கறை.

இதே பெண் 14-ஆம் நாள் வெடித்தது என்று ஊகித்திருந்தால் 11 வந்திருக்கும், “பரவாயில்லை” என்று விட்டிருப்பார். கறை பட்ட நாளையே முதல் நாளாக எடுத்திருந்தால் 6 வந்திருக்கும், பயந்துபோயிருப்பார். ஒரே உடம்பு, மூன்று விடை.

ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாம் சரியாக இருக்கும் பெண்களுக்கும் எப்போதாவது ஒரு மாதம் பின்பாதி குறுகும். மூன்று சுழற்சி எழுதுங்கள். 9, 12, 13 என்று வந்தால் அந்த 9-ஐ மறந்துவிடலாம். 9, 10, 9 என்று வந்தால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள். ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. பின்பாதி 13 நாள் முழுதாக இருக்கிறது, ஆனால் மாதாமாதம் இரண்டு, மூன்று நாள் முன்பே கறை படுகிறது. அப்போது தேட வேண்டிய இடம் வேறு. கருப்பைக்குள் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, கருப்பை வாயில் புண் அல்லது தொற்று, உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் இப்படிக் காட்டும். கறையோடு கடுமையான மாதவிடாய் வலியோ உறவின்போது ஆழத்தில் வலியோ இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் பற்றி நீங்களே கேளுங்கள். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். பாலிப் பார்க்க வேண்டுமானால் மாதவிடாய் முடிந்த கையோடு, படலம் மெல்லியதாக இருக்கும்போது ஸ்கேன் எடுப்பது நல்லது. பின்பாதியில் படலம் தடித்துப் பாலிப்பை மறைத்துவிடும்.

நான்காம் படி: இரத்தப் பரிசோதனையைச் சரியான நாளில் கொடுங்கள்

புரோஜெஸ்டிரோனுக்கு “21-ஆம் நாள் டெஸ்ட்” என்றே பெயர் விழுந்துவிட்டது. அது 14-ஆம் நாள் முட்டை வெடிப்பவர்களுக்கான நாள். உங்களுக்கு வெடித்து ஏழாம் நாள்தான் கணக்கு. மேலே சொன்ன பெண்ணுக்கு அது 23-ஆம் நாள். 20-ஆம் நாள் வெடிக்கும் ஒருவர் 21-ஆம் நாள் இரத்தம் கொடுத்தால் அளவு அடிமட்டத்தில் இருக்கும், இல்லாத குறையைச் சொல்லும்.

சரியான நாளில் கொடுத்தாலும் அந்த எண்ணிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புரோஜெஸ்டிரோன் விட்டுவிட்டுச் சுரப்பது, ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பல மடங்கு ஏறி இறங்கும். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது என்று சொல்லலாம். “7 குறைவு, 15 நல்லது” என்று தரம் பிரிக்க ஒரே ஒரு அளவு போதாது. பின்பாதிக் குறைபாட்டை உறுதி செய்ய நம்பத்தகுந்த பரிசோதனை எதுவும் இல்லை என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2021-இல் சொல்லியிருக்கிறது.

தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரண்டின் பரிசோதனையும்தான் இங்கே பயன் தருபவை. இவை கோளாறானால் முட்டை வளர்வதே தடுமாறும், அதன் தொடர்ச்சியாகப் பின்பாதி குறுகும். கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். புரோலாக்டினுக்குத் தூங்கி எழுந்த உடனே இரத்தம் கொடுக்காதீர்கள், தூக்கத்தில் அது இயல்பாகவே ஏறியிருக்கும். எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து, கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள்.

நம் பெண்ணுக்கு டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிறது, புரோலாக்டின் 48. வழக்கமான மேல் எல்லை 25-ஐ ஒட்டியது. காரணத்தைத் தேடினால், நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் விழுங்கிவந்த கேப்சூலில் பான்டோப்ரசோலோடு டாம்பெரிடோனும் இருக்கிறது. டாம்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றும். வீடுகளில் இது மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை, “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க” என்று கேட்டால் யாரும் சொல்வதுமில்லை. பெட்டியையே எடுத்துக்கொண்டு போங்கள். மனநல மருந்துகள் சிலவும் இப்படிச் செய்யும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்தப் பெண்ணுக்கு மருத்துவர் கேப்சூலை மாற்றிக் கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார். அளவு இறங்கினால் அடுத்த இரண்டு, மூன்று சுழற்சிகளில் பின்பாதி நீள்கிறதா என்று அதே குறிப்பேட்டில் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து வேகமாக எடை இறங்கியிருந்தாலும், அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தாலும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பின்பாதி குறுகலாம். இவற்றையும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: புரோஜெஸ்டிரோன் எழுதிக் கொடுத்தால்

காரணம் எதுவும் பிடிபடாதபோது மருத்துவர்கள் டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, பெண்ணுறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் கேப்சூலோ தருவதுண்டு. இயல்பாகக் கருத்தரிக்க முயல்பவர்களுக்கு இது எவ்வளவு உதவுகிறது என்பதற்கு ஆதாரம் மெலிதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்போது தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். “15-ஆம் நாளிலிருந்து” என்று சீட்டில் இருந்து, உங்களுக்கு முட்டை 18-ஆம் நாள் வெடிப்பதாக இருந்தால், மாத்திரை அந்த மாத முட்டையையே தடுத்துவிடக்கூடும். குறிப்பேட்டைக் காட்டி, வெடித்தது உறுதியான பிறகு தொடங்கலாமா என்று கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடும்போது கறை நிற்கும், மாதவிடாய் தள்ளிப்போகும், வெப்பநிலையும் இறங்காது. மூன்றும் மருந்தின் வேலையாக இருக்கலாம், கர்ப்பத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெடித்து 14-ஆம் நாள் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, முடிவை மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதா தொடர்வதா என்று கேளுங்கள். இல்லை என்று வந்து நிறுத்தினால் சில நாளில் மாதவிடாய் வரும்.

மாத்திரை எடுக்காதவர்களும் பரிசோதனைக்கு, வெடித்து 14-ஆம் நாள் வரை காத்திருங்கள். ஒன்பதாம் நாள் கறையைப் பார்த்து “கரு பதிகிறதோ” என்று மனம் ஓடும். ஒரே ஒரு மாதம் புதிதாக வந்த கறை என்றால் அப்படியும் இருக்கலாம். மாதாமாதம் அதே நாளில் வருவது என்றால் அது உங்கள் பின்பாதியின் வழக்கம்.

பரிசோதனை பாசிட்டிவ் ஆகி, அதோடு இரத்தமும் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, தோள்பட்டை வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். குறிப்பேடு, எண்ணிக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.